பத்து ஐம்பத்தெட்டு, ஐம்பதாவது நொடி

எதிர்வீட்டுத் தம்பி கல்லூரியில் சேர்ந்த வாரம் புது வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான். கறுப்பு ரெசின் உடல், சாம்பல் நிறத் திரை, அதைச் சுற்றி மெல்லிய நீலக் கோடு. கேசியோவின் F-91W. பிளாட்பாரக் கடையில் வாங்கியிருக்கிறான். "கம்பெனி பீஸ்" என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். விலையோ ஷோரூம் விலையில் பாதிகூட இல்லை.

"அண்ணே, உங்ககிட்டயும் இதே வாட்ச் இருக்குல்ல? இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டான்னு பார்த்துச் சொல்லுங்க."

என்னுடையது பில்லோடு ஷோரூமில் வாங்கியது. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் வைத்தேன். முதல் பார்வையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்த பிறகு எல்லாமே வித்தியாசமாகத் தெரிந்தது. எழுத்து தடித்திருப்பதுபோல் இருந்தது, திரை மங்கலாக இருப்பதுபோல் இருந்தது, வார் மினுக்குவதுபோல் இருந்தது. இந்த இரண்டு பார்வையையும் நம்ப முடியாது. சந்தேகம் வருமுன் கண் முழு உருவத்தை மட்டும் பார்த்து "அதேதான்" என்றுவிடுகிறது. சந்தேகம் வந்த பின் தேடியதையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிறது.

இதற்கு வாட்ச் சேகரிப்பவர்களிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது. தயாரிப்பாளரே வெளியிட்ட படங்களைத் திரட்டி ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். சந்தேகப் பொருளை அதே கோணத்தில் படமெடுத்துப் பக்கத்தில் வைப்பார்கள். பிறகு ஒவ்வோர் இடமாக எண் போட்டு ஒப்பிடுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் தம்பியும் அதைத்தான் செய்தோம்.

எந்தப் படம் அளவுகோல்?

F-91W 1989இல் வெளிவந்தது. அதை வடிவமைத்த ரியூசுகே மோரியாய்க்குக் கேசியோவில் அதுதான் முதல் வாட்ச். மலிவு, எடை குறைவு, ஒரு பேட்டரி ஏழு ஆண்டு ஓடும் என்று நிறுவனமே சொல்கிறது. இத்தனை காலமாக ஏறக்குறைய அதே உருவத்தில் விற்பதால் உலகம் முழுக்க இதற்குப் போலிகளும் உண்டு.

இணையத்தில் இந்த மாடலின் பெயரைத் தேடினால் ஆயிரக்கணக்கில் படங்கள் வரும். அவற்றில் பெரும்பாலானவை அளவுகோலாக உதவாது. கடைக்காரர்கள் போடும் படம் எந்த வாட்சுடையது என்று நமக்குத் தெரியாது. போலி விற்பவரும் நிறுவனத்தின் படத்தையே எடுத்துப் போடலாம். அதனால் விற்பனைப் பக்கத்தில் உள்ள படம் நிறுவனப் படத்தோடு அச்சாகப் பொருந்துகிறது என்றால், படம் அசல் என்று மட்டுமே அர்த்தம். வீட்டுக்கு வரப்போகும் பொருளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஆகவே கேசியோவின் சொந்தத் தளத்துக்குப் போனோம். அங்கிருந்து மூன்று வகை எடுத்தோம். முதலாவது, பொருள் பக்கத்தில் உள்ள நேர்முகப் படம். திரைப்பிடிப்பு எடுக்காமல், கிடைக்கும் மிகப் பெரிய அளவில் கோப்பாகவே இறக்கிக்கொண்டோம். இரண்டாவது, அதே பக்கத்தில் எழுதியிருக்கும் அளவுகள்: 35.2 × 33.2 × 8.5 மில்லிமீட்டர், எடை 21 கிராம். மூன்றாவது, பயன்பாட்டுக் கையேடு. கேசியோ வாட்சுகளின் பின்மூடியில் மாடல் பெயரோடு ஒரு சிறிய எண்ணும் இருக்கும். உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண் அது. F-91Wக்கு 593. அந்த எண்ணைக் கொடுத்தால் தளத்தில் கையேடு கிடைக்கும். எந்தப் பொத்தானை அழுத்தினால் திரையில் என்ன வரவேண்டும் என்று அதில் கோட்டுப் படங்களாகவே இருக்கும்.

ஒவ்வொரு கோப்புக்கும் மாடல், கோணம், எடுத்த நாள் மூன்றும் தெரியும்படி பெயர் வைத்தோம்.

```
F-91W-1_front_official_2024-06-09.jpg
F-91W-1_front_mine_A.jpg
F-91W-1_front_street_A.jpg
```

நிறுவனங்கள் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதைச் சொல்லாமல் மாற்றுவதுண்டு. எந்த நாளில் இருந்த படத்தோடு ஒப்பிட்டோம் என்பது பின்னால் தேவைப்படும். இறக்கிய படத்தின்மேல் எதையும் வரைவதில்லை. நகல் எடுத்து அதில்தான் குறிப்போம்.

இந்தக் கட்டத்தில் மாடல் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பது முக்கியம். F-91WM, F-91WG என்று நிறமும் அச்சும் மாறிய உடன்பிறப்புகள் உண்டு. F-105W என்று இன்னொன்று இருக்கிறது. உருவத்தில் F-91W மாதிரியேதான் இருக்கும். ஆனால் விளக்கை அழுத்தினால் திரை முழுவதும் சமமாக ஒளிரும். F-91Wஇல் இடப்பக்கத்தில் ஒரே ஒரு சிறு பச்சை எல்.இ.டி. மட்டும் மங்கலாக எரியும். தவறான படத்தை அளவுகோலாக எடுத்தால் அசல் F-105W ஒன்றைக்கூடப் போலி என்று அடித்துச் சொல்லிவிடுவோம்.

பெயரின் வால் பகுதி மாறுவதற்குப் பயப்பட வேண்டாம். ஓரிடத்தில் F-91W-1 என்று இருக்கும், ஐரோப்பாவில் F-91W-1YER என்று இருக்கும். அவை எந்தச் சந்தைக்குப் போகும் பொருள் என்பதைக் குறிப்பவை.

முதலில் அசலைப் பார், பிறகு மற்றதை

அடுத்த வேலைக்குத் தம்பியின் வாட்சை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அதைப் பார்க்காமலே, நிறுவனப் படத்தில் எந்தெந்த இடங்களை ஒப்பிடப் போகிறோம் என்று தீர்மானிக்க வேண்டும். சந்தேகப் பொருளைப் பார்த்துவிட்டுப் புள்ளிகளைத் தேர்ந்தால் நமக்கு ஏற்கெனவே கோணலாகத் தெரிந்த இடங்களையே தேர்வோம். ஒத்துப்போகும் இடங்கள் கணக்கில் வராமலே போய்விடும்.

அச்செடுத்த படத்தில் எட்டு இடங்களில் எண் போட்டோம். CASIO என்ற சொல்லின் எழுத்து இடைவெளி, மாடல் பெயரின் இடம், திரையின் அகல உயரம், நீலக் கோட்டின் மூலை வெட்டு, திரை இலக்கங்களின் வடிவம், கீழே WATER, RESIST என்ற சொற்களுக்கு நடுவில் இருக்கும் WR, பொத்தான்கள் நீட்டிக்கொண்டிருக்கும் அளவு, வார் உடலோடு சேரும் இடம். இந்தப் பட்டியலைப் பிறகு மாற்றக் கூடாது என்று முடிவு செய்தோம்.

ஒரே நேரத்தைக் காட்டட்டும்

கேசியோவின் டிஜிட்டல் வாட்ச் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? திரையில் பெரும்பாலும் ஒரே நேரம்தான் இருக்கும்: 10:58 50. நம் வேலைக்கு இது பெரிய உதவி. திரை இலக்கங்கள் சின்னச் சின்னக் கட்டைகளால் ஆனவை. 3ஐயும் 8ஐயும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. 8ஐ 8ஓடுதான் ஒப்பிட வேண்டும். ஆகவே இரண்டு வாட்சிலும் படத்தில் இருக்கும் கிழமையையும் தேதியையும் வைத்து, நேரத்தை 10:57க்கு அமைத்துக் காத்திருந்தோம். 10:58 ஆகி ஐம்பதாவது நொடி வரும்போது கிளிக் செய்தோம். இரண்டு மூன்று முறை தவறியது. சலிக்காமல் திருப்பி அமைத்து எடுத்தோம்.

படமெடுப்பதில் நடக்கும் பெரிய பிழை, போனை வாட்சின் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோவது. அருகில் இருப்பது பெரிதாகவும் ஓரங்கள் சரிந்தும் பதிவாகும். நிறுவனப் படத்தில் அந்தச் சரிவு இருக்காது. அரை மீட்டர் தள்ளி நின்று, ஜூமை இரண்டு மடங்காக்கி, போனும் வாட்சும் இணையாக இருக்கும்படி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாட்சின் வாரைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டினால் முகம் மட்டமாக நிற்கும்.

போனைச் சாய்த்து எடுத்தால் இன்னொரு சிக்கலும் வரும். CASIO என்ற எழுத்தும் நீலக் கோடும் கண்ணாடியை ஒட்டி இருக்கின்றன. இலக்கங்கள் அதற்குக் கீழே சற்று ஆழத்தில் இருக்கின்றன. கொஞ்சம் சாய்ந்தாலும் இலக்கங்கள் சட்டத்துக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கியதுபோல் தெரியும். நான் முதலில் எடுத்த படத்தில் என் அசல் வாட்சே இப்படி ஒதுங்கித்தான் இருந்தது.

அசலுக்கும் அசலுக்கும் உள்ள தூரம்

கணினியில் எல்லாப் படங்களையும் உடலின் அகலம் 1000 பிக்சல் வரும்படி ஒரே அளவாக்கினோம். உண்மை அகலம் 33 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்பதால் 30 பிக்சல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பொருத்துவதற்கு உடலின் விளிம்பை எடுத்ததற்குக் காரணம் உண்டு. எதைச் சந்தேகிக்கிறோமோ அதை வைத்தே பொருத்தினால் வித்தியாசம் அங்கே மறைந்து வேறெங்கோ போய் முளைக்கும்.

இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு நேராகச் சந்தேக வாட்சுக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் முதலில் என் அசல் வாட்சை நிறுவனப் படத்தோடு ஒப்பிட்டோம். மூன்று முறை தனித்தனியாகப் படமெடுத்து எட்டு இடங்களையும் அளந்தோம். ஒரே வாட்ச், ஒரே கை, ஒரே போன். ஆனாலும் அளவுகள் ஆறு பிக்சல் வரை மாறின. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. நிறுவனப் படத்துக்கும் என் வாட்சுக்கும் நடுவிலும் அதே அளவு தூரம் இருந்தது.

இந்த ஆறு பிக்சல்தான் அன்று எங்களுக்குக் கிடைத்த மிக மதிப்புள்ள எண். நம் கை நடுக்கம், லென்ஸ், கோப்பின் மங்கல், தொழிற்சாலையில் வரும் இயல்பான ஏற்ற இறக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்குள் வரும் எந்த வித்தியாசத்தையும் வித்தியாசம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பாதுகாப்புக்காக இரண்டு மடங்காக்கி, 12 பிக்சலுக்கு மேல் இருந்தால் மட்டும் குறிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

நிறுவனப் படமும் முழு உண்மையில்லை. அது மெருகேற்றப்பட்ட படம். தூசி இல்லை, கண்ணாடியில் ஜன்னல் தெரியாது, இலக்கங்கள் மை போட்டதுபோல் கறுப்பாக இருக்கும். நிஜ வாட்சில் இலக்கத்தின் நிழல் பின்னால் இருக்கும் தகட்டில் விழும், இலக்கம் இரட்டையாகத் தெரியும். இதைப் பார்த்து "திரை மட்டமானது" என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. கையில் ஓர் அசலையும் வைத்து ஒப்பிட்டால்தான் இது எல்லா அசலிலும் இருப்பது என்று புரியும். அசல் கையில் இல்லாதவர்கள் நம்பிக்கையான கடைக்குப் போய், கேட்டு, ஒரு படமெடுத்து வரலாம்.

டிராயரைத் திறந்தோம்

பிறகுதான் தம்பியின் வாட்சின் படம். ஒப்பிட இரண்டு வழிகளைக் கலந்து செய்தோம். இரண்டு படங்களையும் இடமும் வலமும் வைத்து, ஒரே எண்ணை இரண்டிலும் ஒரே இடத்தில் போடுவது ஒன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இருப்பதை மாறி மாறி மறைத்தும் காட்டியும் பார்ப்பது இன்னொன்று. இடம் மாறியது எதுவோ அது மட்டும் துள்ளும், மற்றதெல்லாம் அசையாமல் நிற்கும். 1930இல் கிளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தது இதே உத்தியால்தான். சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு வான் படங்களை ஒரு கருவியில் மாற்றி மாற்றிப் பார்த்தபோது ஒரு புள்ளி மட்டும் இடம் பெயர்ந்தது. நமக்கு அந்தக் கருவி தேவையில்லை. போனின் கேலரியில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்து விரலால் தள்ளினாலே போதும்.

குறிக்க மூன்று நிறங்கள் வைத்துக்கொண்டோம். ஒத்துப்போனால் பச்சை. 12 பிக்சலைத் தாண்டினால், அல்லது வடிவமே வேறாக இருந்தால் சிவப்பு. காரணம் வேறாக இருக்கலாம் என்றால் மஞ்சள்.

திரையின் அளவு, மாடல் பெயரின் இடம், நீலக் கோட்டின் மூலை, பொத்தான்கள் நான்கும் பச்சை. CASIO என்ற சொல் 9 பிக்சல் அகலமாக இருந்தது. தம்பி சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டான். கோடு 12இல் இருப்பதை நினைவூட்டினேன், பச்சை போட்டான்.

நீலக் கோடு ஊதாவாகத் தெரிந்தது எங்கள் எட்டு புள்ளிகளில் இல்லை. ஆனாலும் அவனுக்கு அது உறுத்தியது. இரண்டு வாட்சையும் ஜன்னலோரம் ஒரே வெள்ளைத் தாள்மேல் வைத்து ஒரே படமாக எடுத்தோம். ஊதா காணாமல் போனது. டியூப்லைட் செய்த வேலை. தனித்தனியாக எடுத்த படங்களில் நிறத்தை ஒப்பிடவே கூடாது என்பதை அங்கே கற்றுக்கொண்டோம்.

வார் உடலோடு சேரும் இடத்தில் சிறிய இடுக்கு இருந்தது. அது மஞ்சள். வாரை எவரும் மாற்றலாம், அசல் வாட்சிலும் வேறு வார் இருக்கலாம்.

சிவப்பு இரண்டே இரண்டு. WR என்ற எழுத்துகளில் Rஇன் வயிற்றுப்பகுதி மை அடைத்து மூடியிருந்தது. நிறுவனப் படத்திலும் என் வாட்சிலும் அது தெளிவாகத் திறந்திருந்தது. இதைவிடக் கனமானது திரை இலக்கங்கள். மாற்றி மாற்றிப் பார்த்தபோது மணியின் இலக்கங்கள் 20 பிக்சல் துள்ளின. 8இன் நடுக்கட்டையின் முனைகள் வேறு கோணத்தில் வெட்டப்பட்டிருந்தன. அச்சு ஒரு நாள் நன்றாக விழும், ஒரு நாள் மோசமாக விழும். கட்டைகளின் வடிவம் அப்படி மாறாது. அது திரைக் கண்ணாடிக்குள்ளேயே அமைந்த உருவம். அது வேறு என்றால் திரையே வேறு.

படம் முடியும் இடத்தில்

நேர்முகப் படத்தை நாம் பார்ப்பதுபோலப் போலி செய்பவரும் பார்க்கிறார். அவரும் அந்தப் படத்தை வைத்துத்தான் நகலெடுக்கிறார். அதனால் முகம்தான் மிக நன்றாகப் பொருந்தும், எட்டில் ஐந்து பச்சை வந்ததில் வியப்பில்லை. படத்தில் தெரியாத இடங்களுக்கு அளவுகளும் கையேடும் அசல் வாட்சும்தான் துணை.

தெருமுனை நகைக்கடையில் கேட்டு எடை பார்த்தோம். என்னுடையது 21 கிராம், அவனுடையது 17. கையேட்டின்படி இடப்புறக் கீழ்ப் பொத்தானை அழுத்தினால் அலாரம், ஸ்டாப்வாட்ச், நேரம் அமைத்தல் என்ற வரிசை வரவேண்டும், அது வந்தது. விளக்கை அழுத்தினோம். என்னுடையதில் இடப்பக்கம் மங்கிய பச்சை. அவனுடையதில் நீலம் கலந்த வெள்ளை. பிறகு வாட்ச் பிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த சோதனை: வலப்புறப் பொத்தானை மூன்று விநாடி விடாமல் அழுத்தினால் அசல் F-91Wஇன் திரையில் CASIo என்று வரும். என்னுடையதில் வந்தது. அவனுடையதில் இலக்கங்கள் அப்படியே நின்றன.

இந்தக் கடைசிச் சோதனை ஒன்றையே நம்பிவிடக் கூடாது. இது ஊரறிந்த ரகசியம் என்பதால் நகலெடுப்பவர் அதையும் சேர்த்துவிட முடியும். சொல் வராவிட்டால் சந்தேகம் வலுக்கிறது. வந்தால் அசல் என்று நிரூபணமாகாது. எடை, திரைக் கட்டை, விளக்கு, இந்தச் சொல் என்று ஒன்றையொன்று சாராத நான்கு இடங்கள் ஒரே பக்கம் கைகாட்டியதால்தான் நாங்கள் முடிவுக்கு வந்தோம்.

என்ன எழுதினோம்

கடைசியில் ஒரு தாளில் மூன்று பத்திகள் எழுதினோம். வேறுபட்டவை: இலக்கங்களின் இடமும் வடிவமும், Rஇன் அச்சு, எடை, விளக்கின் நிறம், CASIo வராதது. ஒத்தவை: திரை அளவு, பொத்தான்கள், மாடல் பெயர், நீலக் கோட்டின் மூலை, CASIO என்ற சொல். எங்களால் பார்க்க முடியாதவை: உள்ளே இருக்கும் இயந்திரம். நாங்கள் மூடியைத் திறக்கவில்லை, சர்வீஸ் சென்டர் திறந்து பார்த்தால்தான் அதைச் சொல்ல முடியும். வித்தியாசங்களை மட்டும் எழுதினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். மூன்றையும் எழுதினால் படிப்பவர் தாமே எடைபோட்டுக்கொள்வார்.

தம்பி தாளை இரண்டு முறை படித்தான். "அப்போ டூப்ளிகேட்தான்" என்றான். வாட்சைக் கழற்றவில்லை. நேரம் சரியாகத்தானே காட்டுகிறது என்றான், அதுவும் உண்மைதான்.

இரண்டு மாதம் கழித்து அவன் நண்பனுக்கு ஒருவர் இதே மாடலை ஆன்லைனில் விற்க வந்தார். அனுப்பிய படங்கள் பளிச்சென்று இருந்தன, எல்லாவற்றிலும் 10:58 50. தம்பி பதில் அனுப்பச் சொன்னான்: "வாட்ச்ல மூணு இருபத்தேழுன்னு வச்சு, நேரா ஒரு படம், விளக்கு எரியுறப்ப ஒரு படம் எடுத்து அனுப்புங்க." அந்தப் படங்கள் வரவே இல்லை. நண்பன் வாங்கவும் இல்லை.